ஒரு வட்டம், ஒரு சமபக்க முக்கோணம், ஒரு பொய்ச் சர்வசமம்

பள்ளி வடிவியல் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளிடம் நான் தவறாமல் கொடுக்கும் கணக்கு ஒன்று உண்டு. ABC ஒரு சமபக்க முக்கோணம். அதன் மூன்று உச்சிகளும் ஒரு வட்டத்தின் மேல் இருக்கின்றன. BC என்ற நாணுக்கு அந்தப் பக்கம், அதாவது A இல்லாத வில்லின் மேல், P என்று ஒரு புள்ளி. PA = PB + PC என்று நிரூபிக்க வேண்டும். கேள்வி இவ்வளவுதான். அளவு ஒன்றும் தரவில்லை, கோணம் ஒன்றும் சொல்லவில்லை.

இது பழைய கணக்கு. நெதர்லாந்தின் லைடன் நகரில் 17-ஆம் நூற்றாண்டில் கணிதம் கற்பித்த ஃபிரான்ஸ் வான் ஸ்கூட்டன் பெயரால் இந்த முடிவை அழைக்கிறார்கள். டெகார்த்தின் வடிவியல் நூலை லத்தீனில் கொண்டுவந்தவர் அவர். இயற்பியலில் பெரும்பெயர் பெற்ற ஹைகன்ஸ் அவரிடம் படித்தவர். இந்தக் கணக்கை நான் விரும்புவதற்குக் காரணம் வேறு. முக்கோணங்கள் சர்வசமம் என்று காட்டுவதும், வட்டத் தேற்றங்களைப் பயன்படுத்துவதும் இரண்டு தனித்தனிப் பாடங்கள் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். இந்த ஒரே படத்தில் அவை இரண்டும் கைகோத்து வருகின்றன. அதோடு, சரியான நிரூபணத்துக்குப் பக்கத்திலேயே, பார்த்தால் சரியென்றே தோன்றும் தவறான நிரூபணம் ஒன்றும் இந்தப் படத்தில் ஒளிந்திருக்கிறது. நல்ல மாணவர்களும் அதில் விழுகிறார்கள்.

முதலில் படத்தை வரைந்து பார்த்துவிடுவோம். ஒரு தாள், அளவுகோல், கவராயம் போதும். BC-யை 7 செ.மீ. என்று வரையுங்கள். கவராயத்தை 7 செ.மீ. விரித்து B-யிலிருந்தும் C-யிலிருந்தும் வில் வெட்டினால் A கிடைக்கும். AB, BC ஆகியவற்றின் மையக்குத்துக்கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் O. அதை மையமாக வைத்து A வழியாக வட்டம் போடுங்கள். ஆரம் 4 செ.மீ.க்குச் சற்றே கூடுதலாக இருக்கும். இப்போது கவராயத்தை 3 செ.மீ. விரித்து, B-யில் முள்ளை ஊன்றி, BC-க்குக் கீழே உள்ள வில்லை வெட்டுங்கள். அதுதான் P. அளவுகோலை எடுத்து PC-யை அளந்தால் 5 செ.மீ. வரும். PA-யை அளந்தால் 8. மூன்றும் ஐந்தும் எட்டு.

அளந்து காட்டியது நிரூபணம் ஆகாது. ஆனால் இந்த நான்கு எண்களையும், 7, 3, 5, 8, ஒரு ஓரமாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நம் தவறுகளைக் காட்டிக்கொடுக்கப் போவது இவைதான்.

சர்வசமம் என்றால் என்ன என்பதில் யாருக்கும் குழப்பமில்லை. ஒரு முக்கோணத்தைத் தூக்கி, தேவைப்பட்டால் புரட்டி, இன்னொன்றின் மேல் வைத்தால் அச்சாகப் பொருந்த வேண்டும். பொருந்தினால் மூன்று பக்கங்களும் மூன்று கோணங்களும், ஆக ஆறு அளவுகளும் சமம். ஆறையும் காட்ட வேண்டியதில்லை, சரியான மூன்றைக் காட்டினால் போதும் என்பதுதான் பாடம். மூன்று பக்கங்கள் (ப-ப-ப), இரு பக்கங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட கோணமும் (ப-கோ-ப), இரு கோணங்களும் ஒரு பக்கமும் (கோ-ப-கோ அல்லது கோ-கோ-ப), செங்கோண முக்கோணமானால் கர்ணமும் ஒரு பக்கமும் (செ-க-ப). பத்தாம் வகுப்பை எட்டுமுன்பே இவை மனப்பாடம் ஆகிவிடுகின்றன. மனப்பாடம் ஆகாமல் போவது, "இடைப்பட்ட" என்ற சொல்லின் கனம்.

இனி வட்டத்துக்கு வருவோம். நமக்குத் தேவையான தேற்றம் ஒன்று: ஒரே வட்டத்துண்டில் அமையும் கோணங்கள் சமம். AB என்ற நாணை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாணுக்கு ஒரே பக்கத்தில் வட்டத்தின் மேல் C இருக்கிறது, P-யும் இருக்கிறது. ஆகவே ∠APB = ∠ACB. ABC சமபக்க முக்கோணம் என்பதால் ∠ACB = 60°. எனவே ∠APB = 60°. இதே வாதம் AC என்ற நாணுக்கும் பொருந்தும். அதற்கு ஒரே பக்கத்தில் B-யும் P-யும் உள்ளன; ஆகவே ∠APC = ∠ABC = 60°.

இந்தத் தேற்றம் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் தோண்டினால் அடியில் சர்வசமம் கிடக்கும். வட்டத்தின் மேலுள்ள எந்த இரண்டு புள்ளிகளையும் மையத்தோடு இணைத்தால் இரண்டு ஆரங்கள் கிடைக்கும், ஒரு இருசமபக்க முக்கோணம் உருவாகும். அதன் அடிக்கோணங்கள் சமம். P-யிலிருந்து மையத்தின் வழியாக ஒரு கோட்டை இழுத்துவிட்டால், வெளிக்கோணம் அந்தச் சமமான உள்கோணங்கள் இரண்டின் கூடுதல், அதாவது ஒன்றின் இரு மடங்கு. அந்தக் கோட்டுக்கு இருபுறமும் இதைச் செய்து கூட்டினாலோ, மையம் கோணத்துக்கு வெளியே விழுந்தால் கழித்தாலோ, மையக்கோணம் பரிதிக்கோணத்தின் இரு மடங்கு என்பது வந்துவிடும். AB தாங்கும் மையக்கோணம் ஒன்றுதான். C-யில் உள்ள கோணமும் அதில் பாதி, P-யில் உள்ள கோணமும் அதில் பாதி. ஆக இரண்டும் சமம்.

இருசமபக்க முக்கோணத்தின் அடிக்கோணங்கள் ஏன் சமம்? இதற்குப் பாப்பஸ் வழி என்று ஒன்று இருக்கிறது. கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்தவர் அவர். துணைக்கோடு ஒன்றும் வரைய வேண்டாம். OAB முக்கோணத்தையும், அதையே திருப்பிப் படித்த OBA முக்கோணத்தையும் ஒப்பிடுங்கள். OA = OB, OB = OA, இடைப்பட்ட கோணம் O பொது. ப-கோ-ப. ஆகவே A-யில் உள்ள கோணமும் B-யில் உள்ள கோணமும் சமம். நான் அறிந்த நிரூபணங்களில் இதைவிடச் சுருக்கமானவை மிகக் குறைவு. வட்டத் தேற்றங்களில் பெரும்பாலானவை ஆரங்கள் சமம் என்பதையும், அதன் வழி வரும் சர்வசமத்தையும் நம்பித்தான் நிற்கின்றன. படத்தில் வட்டம் வந்துவிட்டால் மையத்தைக் குறி, ஆரங்களை வரை என்று ஆசிரியர்கள் சொல்வது இதனால்தான்.

சரி, கணக்குக்குத் திரும்புவோம். PA என்ற ஒரு கோடு PB, PC என்ற இரண்டின் கூடுதல் என்று காட்ட வேண்டும். கூடுதலைக் காட்ட வேண்டுமானால் நீளமான கோட்டை இரண்டு துண்டாக்கி, ஒரு துண்டு PB-க்குச் சமம், மற்றது PC-க்குச் சமம் என்று காட்டுவதே நேர்வழி. முதல் துண்டை நாமே வைத்துக்கொள்ளலாம்: PA-யின் மேல் PD = PB ஆகும்படி D என்று ஒரு புள்ளி குறிக்கிறோம். இதுதான் விடைத்தாளில் "அமைப்பு" என்று எழுதும் பகுதி. மீதமுள்ள AD, PC-க்குச் சமம் என்று காட்டிவிட்டால் வேலை முடிந்தது.

PD = PB; அவற்றுக்கு இடைப்பட்ட ∠BPD என்பது ∠BPA-தான், அது 60°. இரு பக்கங்கள் சமமாகவும் இடைக்கோணம் 60° ஆகவும் இருந்தால் மற்ற இரண்டு கோணங்களும் ஆளுக்கு 60°. ஆகவே PBD ஒரு சமபக்க முக்கோணம். BD-யும் PB-க்குச் சமம். நம் படத்தில் இது 3 செ.மீ. பக்கமுள்ள சின்ன முக்கோணம். பெரிய சமபக்க முக்கோணத்தின் B என்ற உச்சியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இனி AD என்ற பக்கத்தைக் கொண்ட முக்கோணம் ஒன்றும், PC என்ற பக்கத்தைக் கொண்ட முக்கோணம் ஒன்றும் வேண்டும். AD-ஐக் கொண்டது ABD. PC-யைக் கொண்டது CBP. இவை இரண்டையும் பென்சிலால் லேசாக நிழலிட்டுப் பாருங்கள். ஒன்றை B-யைச் சுற்றி 60° சுழற்றினால் மற்றது வந்துவிடும் என்பது கண்ணுக்கே தெரியும். AB போய் CB-யில் விழும், BD போய் BP-யில் விழும்.

விடைத்தாளில் எழுதுவது இப்படி:

△ABD, △CBP ஆகியவற்றில்
AB = CB (சமபக்க முக்கோணம் ABC-யின் பக்கங்கள்)
BD = BP (சமபக்க முக்கோணம் PBD-யின் பக்கங்கள்)
∠ABD = 60° − ∠DBC = ∠CBP (∠ABC, ∠DBP இரண்டும் 60°; ∠DBC இரண்டுக்கும் பொது)
ஆகவே △ABD ≅ △CBP (ப-கோ-ப)
ஆகவே AD = CP (சர்வசம முக்கோணங்களின் ஒத்த பக்கங்கள்)
PA = PD + DA = PB + PC.

ஏழெட்டு வரிகளில் முடிந்துவிட்டது. எனினும் இதில் ஒரு வரி மட்டும் என்னை உறுத்தும். மூன்றாவது வரியில், D என்ற புள்ளி BC-க்கு A இருக்கும் பக்கத்தில் இருக்கிறது என்று படத்தைப் பார்த்து எடுத்துக்கொண்டோம். அது உண்மைதான், ∠PBD 60°, ∠PBC அதைவிடச் சிறியது, அதனால் BD என்ற கோடு BC-யைத் தாண்டி உள்ளேதான் போகும். பள்ளித் தேர்வில் இதை யாரும் கேட்கப் போவதில்லை. ஆனாலும் "படத்தில் தெரிகிறது" என்பதை நம்பாத வழி ஒன்று இருக்கும்போது அதைக் கையாள்வதே எனக்குப் பிடிக்கும். வட்டத் தேற்றங்களை இன்னும் கொஞ்சம் வேலை வாங்கினால் அந்த வழி கிடைக்கிறது.

PBD சமபக்க முக்கோணம் என்பதால் ∠PDB = 60°. A, D, P ஒரே கோட்டில் உள்ளன; ஆகவே ∠ADB = 180° − 60° = 120°. இந்தப் பக்கம், ABPC ஒரு வட்ட நாற்கரம். அதன் எதிர்க்கோணங்களின் கூடுதல் 180°. A-யில் உள்ள கோணம் 60°; ஆகவே ∠CPB = 120°. இனி BP என்ற நாணைப் பாருங்கள். அதன் ஒரே பக்கத்தில் A-யும் C-யும் உள்ளன; ஆகவே ∠BAP = ∠BCP. A-யிலிருந்து P-க்குப் போகும் கோட்டில்தான் D இருக்கிறது என்பதால் ∠BAD-யும் அதேதான். இரண்டு கோணங்கள் சமம், AB = CB. கோ-கோ-ப. அதே இரண்டு முக்கோணங்கள், வேறு மூன்று காரணங்கள், கழித்தல் ஒன்றும் இல்லை. ஒரே வட்டத்துண்டுத் தேற்றமும் வட்ட நாற்கரத் தேற்றமும் ஒருசேரப் பயன்படுகின்றன. தேர்வில் எழுத இதையே நான் பரிந்துரைப்பேன்.

இங்கே ஒரு சறுக்கல் அடிக்கடி நடக்கிறது. ∠BPC-யும் ∠BAC-யும் BC என்ற ஒரே நாணின் மேல் நிற்கின்றன, ஆகவே இரண்டும் சமம், 60° என்று எழுதிவிடுகிறார்கள். நாண் ஒன்றுதான்; ஆனால் A மேலே, P கீழே. வெவ்வேறு வட்டத்துண்டுகள். ஒரே பக்கத்தில் இருந்தால் சமம், எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்தால் கூடுதல் 180°. இந்தத் தவறைப் படமே காட்டிக்கொடுக்கும்: P-யில் உள்ள கோணம் விரிந்து கிடக்கும் விரிகோணம், 60° என்று சொல்ல வாய்ப்பே இல்லை. ஒரு நாணை வைத்துக் கோணங்களை ஒப்பிடும்முன் அந்த நாணின் மேல் விரலை வைத்து, இரு உச்சிகளும் ஒரே பக்கத்தில் உள்ளனவா என்று பார்த்துவிட வேண்டும்.

இப்போது அந்தப் பொய்ச் சர்வசமத்துக்கு வருகிறேன். பல பிள்ளைகள் துணைக்கோடு எதுவும் வரையாமல், படத்தில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு முக்கோணங்களை எடுக்கிறார்கள்: APB, APC. பக்கத்துப் பக்கத்தில், நடுவில் ஒரு பொதுப்பக்கத்தோடு, கண்ணுக்கு முன்னால் நிற்கின்றன. எழுதுவது இது:

AB = AC (சமபக்க முக்கோணத்தின் பக்கங்கள்)
AP = AP (பொதுப்பக்கம்)
∠APB = ∠APC = 60° (ஒரே வட்டத்துண்டில் அமையும் கோணங்கள்)
ஆகவே △APB ≅ △APC.

மூன்று வரிகளும் உண்மை. ஒவ்வொன்றுக்கும் தந்த காரணமும் சரி. நான்காவது வரி பொய். குறித்து வைத்த எண்களைப் பாருங்கள்: APB-யின் பக்கங்கள் 8, 7, 3. APC-யின் பக்கங்கள் 8, 7, 5. இவை எப்படிச் சர்வசமம் ஆகும்?

கோளாறு, கோணம் இருக்கும் இடத்தில். AP, AB என்ற இரு பக்கங்களுக்கு இடைப்பட்ட கோணம் A-யில் இருக்கிறது. நாம் எடுத்ததோ P-யில் உள்ள கோணம். இரண்டு பக்கங்களும், இடைப்படாத ஒரு கோணமும் சமமாக இருந்தால் முக்கோணம் ஒன்றே ஒன்றுதான் என்று சொல்ல முடியாது. இதைக் கையால் செய்து பார்ப்பதே நல்லது. தனித் தாளில் PA = 8 செ.மீ. வரையுங்கள். P-யில் பாகைமானி வைத்து 60°-இல் ஒரு கதிரை நீளமாக இழுங்கள். கவராயத்தை 7 செ.மீ. விரித்து, A-யில் ஊன்றி வில் போடுங்கள். கதிரை அது ஓரிடத்தில் வெட்டாது, இரண்டு இடங்களில் வெட்டும். ஒன்று P-யிலிருந்து 3 செ.மீ. தூரத்தில், மற்றது 5 செ.மீ. தூரத்தில். A-யிலிருந்து கதிருக்கு இறக்கும் செங்குத்து சரியாக 4 செ.மீ. இடத்தில் விழுகிறது, அதற்கு இருபுறமும் ஒரு செ.மீ. தள்ளி வெட்டுப்புள்ளிகள். அதாவது 8, 7, 60° என்ற அதே மூன்று தகவல்களுக்கு இரண்டு வெவ்வேறு முக்கோணங்கள் இருக்கின்றன. நம் வட்டப் படத்தில் அவை இரண்டும் PA-க்கு இருபுறமும் உட்கார்ந்திருக்கின்றன. படத்தை PA வழியாக மடித்தால் PB என்ற கோடு PC-யின் மேல் படியும், ஆனால் B போய் C-யின் மேல் உட்காராது, இரண்டு செ.மீ. முன்பே நின்றுவிடும்.

இந்தத் தவறைச் செய்பவர் பெரும்பாலும் P-யை எங்கே குறித்திருக்கிறார் என்று பாருங்கள். வில்லின் நட்டநடுவில் குறித்திருப்பார். அழகாக இருக்கிறது என்று கை தானாக அங்கே போகிறது. P நடுவில் இருந்தால் PB-யும் PC-யும் உண்மையிலேயே சமம், இரண்டு முக்கோணங்களும் உண்மையிலேயே சர்வசமம், மடித்தாலும் பொருந்தும். படமே பொய்க்குச் சாட்சி சொல்கிறது. கேள்வி P-யைப் பற்றி வில்லின் மேல் ஒரு புள்ளி என்று மட்டும்தான் சொன்னது. நடுப்புள்ளி என்று சொல்லவில்லை. கேள்வியில் இல்லாத ஒரு சிறப்பைப் படத்துக்குள் கொண்டுவந்துவிட்டால், அது எப்படியோ நிரூபணத்துக்குள்ளும் நுழைந்துவிடும். P-யை B-யின் பக்கம் நன்றாகத் தள்ளி வரைந்திருந்தால் APB ஒல்லியாகவும் APC பருத்தும் தெரிந்திருக்கும்; சர்வசமம் என்று எழுதக் கையே போயிருக்காது.

அந்த நடுப்புள்ளியில் மட்டும் ஏன் சரியாகிறது என்பதையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் செ-க-ப என்ற விதி பிறக்கும் இடம் அதுதான். P நடுவில் இருக்கும்போது PA மையத்தின் வழியாகப் போகிறது, அது விட்டம். அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம். ஆகவே ∠ABP, ∠ACP இரண்டும் 90°. PA கர்ணம், பொது. AB = AC. செ-க-ப-வின்படி சர்வசமம்.

இங்கேயும் எடுத்துக்கொண்ட கோணம், இரு பக்கங்களுக்கு இடைப்பட்டது அல்ல. AP, AB ஆகியவற்றின் இடைக்கோணம் A-யில்தான். பிறகு ஏன் இது மட்டும் செல்லும்? மறுபடியும் கவராயத்தை எடுங்கள். ஒரு நேர்கோடு, அதன் மேல் B என்ற புள்ளி, அங்கிருந்து செங்குத்தாக 7 செ.மீ. தூரத்தில் A. A-யை மையமாக வைத்துக் கர்ணத்தின் நீளத்துக்கு வில் போட்டால் கோட்டை அது B-க்கு இடப்பக்கம் ஓரிடத்திலும் வலப்பக்கம் ஓரிடத்திலும் வெட்டும். இரண்டும் B-யிலிருந்து சம தூரம். கிடைக்கும் இரண்டு முக்கோணங்களும் ஒன்றையொன்று புரட்டிப் போட்டவை, ஆகவே சர்வசமம். 60°-இல் இரண்டு வெட்டுப்புள்ளிகளும் கதிரின் ஒரே பக்கத்தில் விழுந்து இரண்டு வேறு முக்கோணங்களைத் தந்தன. 90°-இல் அந்த ஆபத்து நீங்கிவிடுகிறது. விரிகோணத்திலும் நீங்கிவிடும் என்றாலும் பாடநூல்கள் செங்கோணத்தை மட்டும் தனி விதியாகத் தருகின்றன.

பத்தாம் வகுப்பில் வரும் தொடுகோட்டுத் தேற்றம் இந்த விதியின் மேல்தான் நிற்கிறது. வட்டத்துக்கு வெளியே T என்ற புள்ளியிலிருந்து இரண்டு தொடுகோடுகள் வரைந்தால் அவற்றின் நீளங்கள் சமம். சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் நிரூபணத்தோடு படிக்க வேண்டிய தேற்றம் இது. தமிழ்நாட்டுப் பாடநூலிலும் உண்டு. தொடும் புள்ளிகள் M, N. மையம் O. △OMT, △ONT ஆகியவற்றில் OM = ON, ஆரங்கள்; OT பொது; ∠OMT = ∠ONT = 90°, ஏனென்றால் தொடும் புள்ளியில் ஆரம் தொடுகோட்டுக்குச் செங்குத்து. செ-க-ப. ஆகவே TM = TN. இதில் 90° என்ற வரியை விட்டுவிட்டு, அல்லது ∠OMT = ∠ONT என்று மட்டும் எழுதிவிட்டு, செ-க-ப என்று முடிப்பவர்கள் உண்டு. செங்கோணம் என்று எழுதாத அந்த நிரூபணம், நாம் மேலே பார்த்த பொய்ச் சர்வசமத்தின் அதே வடிவம்தான். இரு பக்கங்களும் இடைப்படாத ஒரு கோணமும். அதைக் காப்பாற்றுவது 90° ஒன்றே. அதற்கு மதிப்பெண் குறைப்பது நியாயம்.

இந்தத் தேற்றத்தையே நிரூபிக்கச் சொல்லும்போது இன்னொரு பிழையும் வருகிறது. "TM = TN (ஒரு வெளிப்புள்ளியிலிருந்து வரையும் தொடுகோடுகள்), OM = ON, OT பொது, ஆகவே ப-ப-ப" என்று எழுதி, கடைசியில் "ஆகவே TM = TN" என்று முடிப்பது. நிரூபிக்க வேண்டியதையே முதல் வரியில் எடுத்துக்கொண்டாயிற்று. ஒரு தேற்றத்தை வேறு கணக்கில் பயன்படுத்தும்போது அதன் பெயரைச் சொன்னால் போதும். அந்தத் தேற்றமே கேள்வியாக வந்தால் அதற்கு முந்தியவற்றை மட்டுமே தொடலாம். யூக்ளிட் தம் நூலை அடுக்கிய முறையும் இதுதான். ப-கோ-ப முதல் பாகத்தில் நான்காவது முடிவாக வருகிறது. ஒரே வட்டத்துண்டுக் கோணங்கள் மூன்றாம் பாகத்தில் 21-ஆவது. வட்ட நாற்கரம் 22-ஆவது. பின்னால் வருவது முன்னால் வந்ததை மட்டுமே தாங்கிக்கொள்ளும். அந்த நான்காவது முடிவுக்கு அவர் ஒரு முக்கோணத்தைத் தூக்கி மற்றதன் மேல் வைத்துக் காட்டினார். அப்படித் தூக்கி வைப்பது நிரூபணம் ஆகுமா என்று பலர் பின்னாளில் கேட்டார்கள். ஜெர்மானியக் கணிதர் ஹில்பர்ட் 1899-இல் வெளியிட்ட நூலில் ப-கோ-ப-வின் சாரத்தை நிரூபணம் கேட்காத அடிப்படைக் கூற்றாகவே வைத்துவிட்டார். வகுப்பில் "ப-கோ-ப ஏன் உண்மை?" என்று ஒரு பிள்ளை கேட்டால், அது அசட்டுக் கேள்வி இல்லை.

கடைசியாக எழுத்துகளின் வரிசை. △ABD ≅ △CBP என்று எழுதுகிறோம். இதில் A-க்கு C, B-க்கு B, D-க்கு P. வரிசையிலிருந்தே ஒத்த பக்கங்களைப் படித்துவிடலாம்: AD-க்கு CP, BD-க்கு BP, AB-க்கு CB. இதையே அவசரத்தில் △ABD ≅ △BCP என்று எழுதிவிட்டால் AD-க்கு BP ஒத்த பக்கம் ஆகிறது. நம் எண்களில் அது 5 = 3 என்று சொல்வதற்குச் சமம். திருத்துபவர் கண்ணில் இது எழுத்துப்பிழையாகப் படாது. எந்த உச்சி எதன் மேல் பொருந்துகிறது என்பது மாணவருக்குத் தெரியவில்லை என்றே படும். சமம் என்று காட்டிய பக்கங்களையும் கோணங்களையும் வைத்து முதலில் உச்சிகளை ஜோடி சேருங்கள். பிறகு பெயரை எழுதுங்கள். எங்கள் பள்ளி நாட்களில் ஆசிரியர்கள் ஒத்த உச்சிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கோடு போடச் சொல்வார்கள். அதற்கு ஆகும் நேரம் அரை நிமிடம்கூட இல்லை.

தேர்வுக்கு முன் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். அதே 7 செ.மீ. முக்கோணம், அதே வட்டம். இம்முறை P-யை B இல்லாத வில் CA-யின் மேல், C-யிலிருந்து 3 செ.மீ. தூரத்தில் குறியுங்கள். மூன்று நீளங்களில் எது மற்ற இரண்டின் கூடுதல் என்று அளந்து பாருங்கள். D-யை எந்தக் கோட்டில் வைப்பது, எந்த இரண்டு முக்கோணங்களை எடுப்பது, ஒவ்வொரு கோணத்துக்கும் எந்த நாண் என்று புத்தகத்தைப் பாராமல் முழுவதும் எழுதுங்கள். எழுதி முடித்ததும் ஒவ்வொரு சமன்பாட்டிலும் அளந்த எண்ணைப் போட்டுப் பாருங்கள். எங்கேனும் 3-ம் 5-ம் சமம் என்று வந்தால், அந்த வரிக்கு மேலே உள்ள காரணத்தைத் திரும்பப் படியுங்கள்.